கேட்காத தவணை

நற்பிட்டிமுனையில் ஒரு பெண் தன் இத்தாவைக் குறையில்லாமல் இருந்து முடிக்க ஆசைப்பட்டாள். அந்த ஆசை நிறைவேறாமல் போனதற்கு நான் காரணம். இதை யாரும் என்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. ஊரில் என்னைப் பார்க்கிறவர்கள் இன்னும் அந்த வழக்கைப் பற்றிப் பாராட்டித்தான் கதைக்கிறார்கள். அதனால்தான் நானே எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் கணவன் மௌத்தானால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருப்பாள். வெள்ளை உடுப்பாள். வெளி ஆண்களின் கண்ணில் படமாட்டாள். அதுதான் இத்தா. மார்க்கம் விதித்தது ஒரு பங்கு என்றால், ஊர் சேர்த்தது இன்னொரு பங்கு. ஆனால் இருக்கிற பெண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். போனவருக்குத் தான் செய்கிற கடைசிக் காரியம் அது என்று அவள் நினைக்கிறாள்.

அவளுடைய கணவன் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் நெல் களஞ்சியத்தில் காவலாளியாக இருந்தவர். அவளும் அங்கேதான் சாக்குத் தைத்தாள். அந்தக் களஞ்சியத்தின் பொறுப்பாளர் ஒரு காலத்தில் என்னிடம் படித்தவர். ஒரு மாரி தொடக்கத்தில் கூரை ஒழுகி, பெரும்போகத்துக்கு வைத்திருந்த விதைநெல் மூட்டைக்குள்ளேயே முளைத்துவிட்டது. விதைப்புக் காலத்தில் விதையில்லாமல் போன கமக்காரர்கள் சங்கத்தின் வாசலில் வந்து நின்றார்கள். யாராவது ஒருவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கூரை உடைந்திருப்பதைப் பொறுப்பாளர் அறிவிக்கவில்லை, கவனக்குறைவு என்று சங்கம் விசாரித்து அவரை வேலையிலிருந்து நீக்கியது.

அவர் நீக்கற் கடிதத்தோடு கல்முனையில் என் வீட்டுக்கு வந்தார். நான் ஓய்வுபெற்ற அதிபர். அதிபராக இருந்த காலத்தில் ஆசிரியர்களுக்காகப் பல ஒழுக்காற்று விசாரணைகளில் எதிர்வாதம் பேசியிருக்கிறேன். சட்டத்தரணி அல்ல. ஆனால் ஆவணக் கோவை அடுக்கத் தெரியும், நிதானமாகக் கதைக்கத் தெரியும் என்று பெயர் எடுத்திருந்தேன். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

“சேர், நான் சொன்ன. தலைவருக்கிட்ட வாயாலயும் சொன்ன, எழுதியும் குடுத்த. இப்ப அப்படி ஒண்டும் வரல்லயாம்.”

“எழுதினதுக்குக் கொப்பி இரிக்கா?”

“இரிக்கி. ஆனா அவங்க வாங்கினதுக்கு ஒப்பம் இல்ல.”

“வாயால சொல்லக்குள்ள ஆரு நிண்ட?”

“காவலாளிக் காக்காவும், சாக்குத் தைக்கிற அவர்ர பொஞ்சாதியும். தலைவர் உள்ள வந்து அண்ணாந்து பாத்துட்டு, அறுவடை முடியட்டும் பாப்பம் எண்டார். ரெண்டு பேரும் கேட்டவங்க.”

சங்கத்தின் விசாரணையில் இந்த இருவரையும் கூப்பிடவே இல்லை. மேன்முறையீட்டுக்கு அதுவே முதற் காரணம். மாகாண மட்டத்தில் இதற்கென்று ஒரு குழு இருந்தது. சாட்சிகளையும் நேரில் கேட்கும். குறித்த காலத்துக்குள் மேன்முறையீட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். சங்கம் தன் மறுமொழியை அனுப்பியது. விசாரணைத் திகதிக்காகக் காத்திருந்த நாட்களில் காவலாளி நெஞ்சுவலி வந்து மௌத்தாகிவிட்டார். மையித்து அடக்கத்துக்குப் போயிருந்தேன். கபுறடியில் நின்றபோது என் மனதில் வந்த முதல் நினைவு, ஒரு சாட்சி போய்விட்டதே என்பதுதான். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கொஞ்ச நாளில் திகதி வந்தது. மட்டக்களப்பில் விசாரணை. அந்தக் கடிதத்தின் கடைசிப் பந்தியில், தகுந்த காரணம் இருந்தால் விசாரணையைத் தள்ளிவைக்க முன்கூட்டியே எழுத்தில் தவணை கேட்கலாம் என்று இருந்தது. பொறுப்பாளர் அதை விரலால் தொட்டுக் காட்டினார்.

“சேர், சாக்குத் தைக்கிற ராத்தா இத்தாவில இரிக்கா. தவணை கேப்பமே. நான் இவ்வளவு நாள் இருந்த, இன்னும் மூணு நாலு மாசம் இருப்பன்.”

“தவணை கேட்டா, கேசில சத்தில்ல, அதான் இழுக்காங்க எண்டு நினைப்பாங்க தம்பி.”

இது பொய். தக்க காரணத்தோடு கேட்ட முதல் தவணையை எந்த விசாரணைக் குழுவும் பலவீனமாக எடுத்துக்கொள்வதில்லை. எத்தனையோ முறை நானே கேட்டு வாங்கியிருக்கிறேன். உண்மை என்னவென்றால், கட்டாரில் இருக்கும் மகன் என்னை அழைத்திருந்தான், பயணச்சீட்டும் வந்துவிட்டது. போவதற்குமுன் வழக்கை முடித்துவிட நினைத்தேன். நான் இல்லாத நேரத்தில் வேறொருவர் என் கோவையைக் கையில் எடுத்து நடத்துவதையும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அந்தக் கோவை நன்றாக வந்திருந்தது. பொறுப்பாளர் ஒரு சொப்பின் பை நிறையக் கடதாசி கொண்டுவந்து கொட்டினார். பாடசாலைச் சான்றிதழ், இரத்ததானச் சான்றிதழ், பள்ளிவாசல் தலைவரின் நற்சான்று எல்லாம் அதில் இருந்தன.

“இதெல்லாம் என்னத்துக்கு?”

“நான் நல்லவன் எண்டு காட்ட.”

“கூரை நல்லவனுக்கும் ஒழுகும். கூரையப் பத்தி என்ன இரிக்கி, அத எடுங்க.”

அவர் சிரித்தார். வேலை போனபிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

நீக்கற் கடிதம், குற்றச்சாட்டு, சங்கத்தின் விசாரணைக் குறிப்பு, அவர் எழுதிய அறிவித்தலின் பிரதி, கூரை உடைந்திருப்பதை அவர் கைபேசியில் எடுத்த படங்கள், கூரை வேலை செய்கிற பாஸ் ஒருவர் கொடுத்த செலவு மதிப்பீடு என்று நாள் வரிசையில் அடுக்கினோம். பொறுப்பாளர் கேட்டு வாங்கிய அந்த மதிப்பீட்டின் திகதி, நெல் நனைவதற்கு முந்தியது. அவர் கூரையைப் பற்றிக் கவலைப்பட்டார் என்பதற்கு அது போதும். தலைவர் அறிந்திருந்தார் என்பதற்குப் போதாது. எல்லாப் பக்கத்துக்கும் தொடர் எண் போட்டு, முன்னால் ஓர் அட்டவணையும், நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லும் ஒரு பக்கமும் வைத்தோம். குழுவினருக்கும் சங்கத்துக்கும் எங்களுக்கும் சாட்சி மேசைக்கும் தனித்தனிப் பிரதி. எந்தப் பிரதியைத் திறந்தாலும் அதே பக்கத்தில் அதே கடதாசி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தோம்.

ஒரு கடதாசி எங்களுக்கு எதிரானது. முந்தைய ஆண்டு, பிந்தி வந்ததற்காகச் சங்கம் அவருக்குக் கொடுத்த எச்சரிக்கைக் கடிதம். அவர் அதை எடுத்துவிடச் சொன்னார். நான் விடவில்லை. “இத அவங்க எடுத்துப் போடுறதுக்கு முந்தி நாம வைக்கணும். மறைச்சது எண்டு வந்தா மத்தது ஒண்டையும் நம்பமாட்டாங்க” என்றேன். ஒரு வாரம் கழித்துப் பள்ளிவாசல் மௌலவியின் முன்னால் நான் என்ன செய்தேன் என்பதை நினைக்கும்போது, இந்தச் சொற்கள் என் வாயிலிருந்துதான் வந்தனவா என்று இருக்கிறது.

அவளிடம் கதைக்க நற்பிட்டிமுனைக்குப் போனேன். முன்னறையில் அவளுடைய நாநா, அதாவது மூத்த சகோதரர், என்னோடு இருந்தார். உள்ளறை வாசலில் சீலை ஒன்று தொங்கியது. அதற்குப் பின்னால் அவள். ஒருமுறைகூட முகத்தைப் பார்க்காமல் ஒரு சாட்சியை ஆயத்தப்படுத்தியது என் வாழ்வில் அந்த ஒரு தடவைதான்.

“சேர், நான் கேட்டது உண்மதான். சொல்லவும் ஏலும். ஆனா இத்தா முடியட்டுமே.”

“திகதி வந்திட்டு, தங்கச்சி.”

“எழுதித் தாறன். கையொப்பம் வெக்கிறன். அது காணாதா?”

அவள் படித்தது ஐந்தாம் ஆண்டு வரை. ஆனாலும் சரியான கேள்வியைக் கேட்டாள். சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்திருக்கலாம். நானே சமாதான நீதவான். வழக்கை நடத்துகிறவன் தானே அதை அத்தாட்சிப்படுத்துவது முறையில்லை என்றாலும், இன்னொரு சமாதான நீதவான் அதே வீதியில் இருந்தார். அவர் தன் மனைவியோடு வந்து, சீலைக்கு இந்தப் பக்கம் இருந்தே வாசித்துக் காட்டிக் காரியத்தை முடித்திருப்பார். குறுக்குக் கேள்வி கேட்க முடியாத சாட்சியம் என்பதால் பெறுமதி கொஞ்சம் குறையும். கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை விட எனக்கு மனமில்லை.

“ஆள் வராட்டி அவங்க நம்பமாட்டாங்க” என்றேன்.

சீலைக்குப் பின்னாலிருந்து, “மௌலவியக் கேட்டுச் சொல்லுங்க. அவர் ஏலும் எண்டா வாறன். ஏலா எண்டா என்னக் கூப்பிடாதீங்க” என்றாள்.

மௌலவியிடம் நான் தனியாகப் போனேன். எனக்கு மகன் வயது அவருக்கு. நான் கேட்ட விதம் இதுதான்: “ஒரு மனிசன்ட தொழில் போயிட்டு. அநியாயமாப் போயிட்டு. அத அறிஞ்ச சாட்சி ஹயாத்தோட இருக்கிறது ஒரே ஒரு ஆள். அவ இத்தாவில இரிக்கா. அவ வந்து சொல்லாட்டி அவர்ட குடும்பம் நடுத்தெருவில. பகல்ல போய்ப் பகல்ல வந்திடுவா. கூடப்பிறந்தவரும் மகளும் போவாங்க.”

“வேற வழியில்லாத தேவை எண்டா பகல்ல போயிட்டு வரலாம் சேர். இரவைக்கி வீட்ட வந்திடணும்” என்றார்.

வேறு வழி இருக்கிறதா என்று அவர் என்னைக் கேட்கவில்லை. நான் கேட்ட முறையில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. தவணையைப் பற்றியும் சத்தியக் கடதாசியைப் பற்றியும் நான் வாய் திறக்கவில்லை. அவர் சொன்னதில் முதற் சொற்களை விட்டுவிட்டு, “போயிட்டு வரலாம் எண்டுட்டார்” என்று அவளுக்கு அறிவித்தேன்.

அதன்பிறகு அவளை ஆயத்தப்படுத்தியது முறைப்படிதான். என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை. “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. விளங்காட்டித் திரும்பக் கேளுங்க. தெரியாதத தெரியாது எண்டு சொல்லுங்க.”

“அழுகை வந்தா?”

“வந்தா வரட்டும். தண்ணி கேளுங்க, தருவாங்க.”

“அவர்ர பேர் சொல்ல வேணுமா?”

“சொல்ல வேண்டி வரும்.”

“பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல” என்றாள். நாநா தலையைக் குனிந்துகொண்டார்.

பொறுப்பாளருக்குக் கோபத்தை அடக்கப் பழக்க வேண்டியிருந்தது. தலைவரின் பேரைச் சொன்னாலே அவருக்குக் கழுத்து நரம்பு புடைக்கும். நான் தலைவர்போல் இருந்து அவரைச் சீண்டுவேன். “நீங்க அண்டைக்கு வேலைக்கே வரல்லயே?” அவர் எழும்பிவிடுவார். “இரிங்க தம்பி. பதில் என்ன? வரவுப் பதிவில ஒப்பம் இரிக்கி, எத்தினையாம் பக்கம் எண்டு சொல்லுங்க. அவ்வளவுதான்.” ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, பக்க எண்ணைச் சொல்லிவிட்டுப் பதிலைத் தொடங்கப் பழகிக்கொண்டார்.

விசாரணை நாளில் ஒரு வேன் பிடித்துப் போனோம். நானும் பொறுப்பாளரும் முன் இருக்கையில். அவளும் மகளும் நாநாவும் பின்னால். பின் யன்னல்களுக்குத் திரை போட்டிருந்தார்கள். வழி முழுதும் நான் என் முதற் பேச்சை மனதுக்குள் ஓட்டிக்கொண்டு வந்தேன்.

குழுவில் மூவர். தலைமை வகித்தவர் ஓய்வுபெற்ற நிர்வாக அதிகாரியான தமிழ்ப் பெண்மணி. முதலில் சங்கம் தன் பக்கத்தைச் சொன்னது. சங்கத் தலைவர் தான் கூரையைப் பார்த்ததே இல்லை என்றார். நான் குரலை உயர்த்தாமல் கேட்டேன். களஞ்சியத்துக்குள் எப்போதாவது போனதுண்டா? உண்டு. அறுவடைக்கு முன்பா? இருக்கலாம். நினைவில்லையா, போகவில்லையா? நினைவில்லை. அதோடு விட்டேன். அதற்குமேல் கேட்டிருந்தால் அவர் சுதாரித்திருப்பார்.

சாட்சிகள் வெளியே இருந்தார்கள். அவளைக் கூப்பிட்டார்கள். உடுத்தது முழுவதும் வெள்ளை, முகத்தையும் மூடியிருந்தாள். மகள் பக்கத்தில் நிற்கத் தலைவி அனுமதித்தார். சத்தியம் செய்துவிட்டு, தான் கண்டதையும் கேட்டதையும் சொன்னாள். எந்த மூலையில் தலைவர் நின்றார், கூரைச் சீட்டில் எந்த இடம் உடைந்திருந்தது, அவர் என்ன சொன்னார். கணவனின் பேரைச் சொல்லும் இடம் வந்தபோது நின்றாள். தண்ணீர் கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்.

சங்கத்தின் செயலாளர் எழுந்தார். எங்கள் ஊர்க்காரர்தான்.

“நீங்க இத்தாவில இருக்கிற ஆள்தானே?”

“ஓம்.”

“இத்தாவ விட்டுட்டு இவ்வளவு தூரம் வந்தது ஆருட சொல்லுக்கு?”

“இத்தாவ விடல்ல. மௌலவி போயிட்டு வரலாமெண்டார். வந்த.”

“வராம இருந்திருந்தா உங்கட மரியாதைக்கு நல்லமெண்டு தோணல்லயா?”

தலைவி குறுக்கிட்டு, கூரையைப் பற்றி ஏதாவது இருந்தால் கேளுங்கள் என்றார். செயலாளர் அமர்ந்துவிட்டார்.

அவளும் மகளும் வெளியே போனபின் தலைவி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “ஐயா, அவ துக்கத்தில வீட்டுக்குள்ள இருக்கிற ஆள் எண்டு எங்களுக்குத் தெரியாது. ஒரு வரி எழுதியிருந்தால் தவணை தந்திருப்பமே.”

“நன்றி, அம்மா” என்றேன். என் வாயில் அதுதான் வந்தது. பக்கத்தில் பொறுப்பாளர் கோவையின் ஓரத்தைப் பெருவிரலால் நெருடிக்கொண்டிருந்தார். அவர் என் பக்கம் திரும்பவில்லை. பிறகு என் முடிவுரையைச் சொன்னேன். தெளிவாகச் சொன்னேன் என்று எல்லாரும் சொன்னார்கள்.

நான் கட்டாரில் இருக்கும்போது தீர்ப்பு வந்தது. நீக்கியது தவறு, மீண்டும் வேலையில் அமர்த்த வேண்டும் என்று. பொறுப்பாளர் தொலைபேசியில் அழுதார். கடைசியில், “ராத்தாவப் பத்தி ஊரில கண்டபடி கதைக்காங்க சேர்” என்றார். வழக்குக்காக இத்தாவை விட்டவள் என்று சொல்கிறார்களாம். கணவனின் சகோதரி இப்போது அந்த வீட்டுப் படி மிதிப்பதில்லையாம். நாற்பதாம் நாள் ஓதிய கத்தத்துக்கும் கணவன் பக்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லையாம்.

திரும்பி வந்ததும் முதலில் மௌலவியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

“நீங்க கேட்ட கேள்விக்கு நான் பதில் சொன்ன சேர். வேற வழி இரிக்கி எண்டு சொல்லியிருந்தா, அந்த வழியில போங்க எண்டிருப்பன்.”

“அவட இத்தா?”

“அது முறியல்ல. அவ நம்பித்தானே வந்தா. பாரம் உங்களுக்கிட்ட. அவவுக்கிட்ட மாப்புக் கேளுங்க.”

இத்தா முடிந்தபின் போனேன். சீலை இப்போது இல்லை. முன்னறைக் கதிரையில் நாநாவும், வாசலோரம் முக்காட்டோடு அவளும் இருந்தார்கள். முதன்முதலாக அவளுடைய முகத்தைப் பார்த்தேன். நான் நினைத்திருந்ததைவிட இளமை. வந்த காரணத்தை நான் சொல்வதற்குமுன் அவளே கதைத்தாள்.

“சேர், மதினி வராதது கவலதான். ஆனா நான் மனசுக்குச் சொல்லிக்குவன், வேற வழி இல்லாமத்தான் போன எண்டு. அவருக்கும் விளங்கும். அந்தக் கூரையப் பத்தி அவரும்தானே எத்தினை தரம் சொல்லித் திரிஞ்ச.”

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். தேநீரைக் குடித்துவிட்டு எழும்பியிருக்கலாம். ஆனால் நான் மாப்புக் கேட்க வந்திருந்தேன். என் பாரத்தை இறக்கி வைக்க வந்திருந்தேன். தவணை கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்பதையும், எழுதித் தருகிறேன் என்று அவள் சொன்னது சரியான வழிதான் என்பதையும், மௌலவியிடம் நான் பாதியை மறைத்ததையும், பயணச்சீட்டையும் சொன்னேன். நாள் வரிசையில், ஒன்றும் விடாமல், குரலை உயர்த்தாமல் சொன்னேன்.

நாநா, “யா அல்லாஹ்” என்றார். எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார்.

அவள் என் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தாள்.

“அப்ப நான் போகாம இருந்திருக்கலாம்.”

“ஓம், தங்கச்சி. என்ன நீங்க மாப்புச் செய்யணும்.”

“மாப்பு” என்றாள். உடனேயே சொல்லிவிட்டாள், யோசிக்கவும் இல்லை. “ஆனா இத நீங்க எனக்கிட்டச் சொல்லாம இருந்திருக்கலாம் சேர்.”

பிறகு எழும்பி உள்ளே போனாள். நான் கோப்பையைக் கதிரைக் காலடியில் வைத்தேன். முற்றத்தில் நாநா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அவருக்கு ஸலாம் சொன்னேன். பதில் சொல்வது கடமை என்பதால் சொன்னார்.